விலகும் கூட்டாளிக்கு எழுதிய கணக்குக் கடிதம்: 66.9 லட்சம் 48 லட்சமான கதை

இயந்திர உதிரி பாகங்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனம். கூட்டாளிகள் மூன்று பேர். லாபமும் நட்டமும் 5:3:2 என்ற விகிதத்தில் பிரியும். இவர்களில் 3 பங்கு உள்ள நடுக் கூட்டாளி, வயதைக் காரணம் காட்டி, கணக்காண்டின் கடைசி நாளில் விலகுவதாகச் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் தொடர்ந்து நடத்தப் போகிறார்கள். இனி அவர்களுக்குள் 3:2.

விலகுபவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை என்னிடம் வந்தது. நான் போடுவதற்கு முன்பே அவர் ஒரு தாளில் போட்டுவிட்டார். அந்தத் தாள்தான் இந்த ஆய்வுக்குக் காரணம். அதில் மூன்றே வரி:

மூலதனம் 30 லட்சம்.
கட்டடம் 24 லட்சம் ஏறியிருக்கிறது, அதில் என் பங்கு 7.2 லட்சம்.
குட்வில்: போன வருட லாபம் 33 லட்சம், மூன்று வருடத்துக்கு 99 லட்சம், அதில் என் பங்கு 29.7 லட்சம்.

மொத்தம் 66.9 லட்சம். கீழே, "தம்பி, இதைச் சரிபார்த்து அனுப்பவும்" என்று ஒரு குறிப்பு.

நான் போட்ட கணக்கில் வந்தது 48 லட்சம். இடைவெளி 18.9 லட்சம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு பட்டியலை மட்டும் நீட்டிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். ஆகவே கடிதமாகவே எழுதினேன். தொகைகளைச் சுலபமாக்கி, ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, அந்தக் கடிதத்தைக் கீழே தருகிறேன். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். சொல்லப்போனால், அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

கடிதம்

ஐயா,

வணக்கம். உங்கள் தாளைப் பார்த்தேன். கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் சேர்க்க வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது, கழிக்க வேண்டிய சில விட்டுப்போயிருக்கின்றன, குட்வில் எனும் நற்பெயரைப் போட்ட முறை நமது ஒப்பந்தப் பத்திரத்தில் உள்ள முறை இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் மூலதனம். இருப்புநிலைக் குறிப்பில் உங்கள் பெயருக்கு எதிரே 30 லட்சம் இருக்கிறது. இந்த ஆண்டு லாபத்தில் உங்கள் பங்கைச் சேர்த்து, நீங்கள் எடுத்த பணத்தைக் கழித்த பிறகு நிற்கும் தொகை அது. ஆண்டின் கடைசி நாளிலேயே விலகுவதால், நடுவில் சில மாத லாபத்தைத் தனியாகப் பிரிக்கும் தொல்லை நமக்கு இல்லை. ஆனால் இந்த 30 லட்சம் மட்டுமே உங்கள் மூலதனம் என்று நினைக்க வேண்டாம். பொதுக் காப்பு என்று 10 லட்சம் தனியாக நிற்கிறதே, அது பழைய வருட லாபங்களில் பிரிக்காமல் ஒதுக்கி வைத்தது. அது மூவருக்கும் சொந்தம். நீங்கள் போகும்போது அதைப் பழைய விகிதத்தில் பிரித்தாக வேண்டும். உங்கள் பங்கு 3 லட்சம். இதை உங்கள் தாளில் காணோம்.

அடுத்தது சொத்துகளின் மதிப்பு. கட்டடம் புத்தகத்தில் 20 லட்சம், மதிப்பீட்டாளர் சொன்னது 44 லட்சம். ஏற்றம் 24 லட்சம் என்று நீங்கள் எழுதியது சரி. ஏறியதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கியதை விட முடியாதல்லவா? 46 லட்சத்துக்குக் காட்டியிருக்கும் சரக்கில் நின்றுபோன மாடல்களுக்கான பாகங்கள் நிறைய கிடக்கின்றன. கிடங்குக் கணக்கைப் பார்த்து, இரண்டு வருடமாக ஒன்றுகூட அசையாதவற்றைப் பிரித்தோம். அவற்றை எடைக்குப் போட்டால் என்ன வருமோ அதைத்தான் மதிப்பாக வைக்க முடியும். அதில் 4 லட்சம் குறைகிறது. வர வேண்டிய பாக்கியில் 2 லட்சம் வராது என்று நீங்களே சென்ற மாதம் சொன்னீர்கள். வண்டிகளில் 1 லட்சம் குறைகிறது. ஊழியர்களின் பணிக்காலத்துக்காகத் தர வேண்டிய பணிக்கொடை 3 லட்சம் இதுவரை புத்தகத்தில் ஏறவே இல்லை. அது நீங்கள் கூட்டாளியாக இருந்த காலத்துக் கடன். ஆக, ஏற்றம் 24, இறக்கம் 10, நிகரம் 14 லட்சம். உங்கள் பங்கு 4.2 லட்சம்.

இப்போது நற்பெயருக்கு வருகிறேன். உங்கள் மனதில் கேள்வி இருப்பது இங்கேதான் என்று தெரியும்.

1810இல் ஒரு ஆங்கில வழக்கில் நீதிபதி எல்டன் பிரபு, பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற வாய்ப்புதான் நற்பெயர் என்றார். இன்றைக்கும் கணக்கில் நாம் அளக்கப் பார்ப்பது கிட்டத்தட்ட இதைத்தான். கடையும் சரக்கும் பணமும் உழைப்பும் போட்டால் யாருக்கும் ஒரு அளவு லாபம் வரும். அதற்கு மேல் நமக்கு மட்டும் வருகிற லாபம் இருக்கிறது பாருங்கள், அதுதான் நற்பெயரின் விளைவு. அதனால்தான் நமது பத்திரம் "கடைசி மூன்று ஆண்டுகளின் சராசரி உயர் லாபத்தைப்போல் மூன்று மடங்கு" என்கிறது. "லாபத்தைப்போல் மூன்று மடங்கு" என்று சொல்லவில்லை. லாபத்துக்கும் உயர் லாபத்துக்கும் நடுவில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, ஒருமுறை மட்டும் வந்து போனவற்றை நீக்குவது. மூன்று ஆண்டு லாபம் 30, 38, 33 லட்சம். நடு ஆண்டின் 38இல் காலிமனை விற்ற லாபம் 5 லட்சம் சேர்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்த பணம் இல்லை அது. கழித்தால் 33. கடைசி ஆண்டில் மழைநீர் புகுந்து 3 லட்சம் சரக்கு வீணானது, காப்பீடும் இல்லை. அந்த நட்டமும் தொழிலின் இயல்பு இல்லை. திரும்பச் சேர்த்தால் 36. இப்போது 30, 33, 36. சராசரி 33 லட்சம். நீங்கள் எடுத்துக்கொண்ட 33உம் இதுவும் ஒன்றுபோல் வந்தது தற்செயல்தான்.

இரண்டாம் படி, உங்கள் மூவரின் உழைப்பு. நீங்கள் யாரும் சம்பளம் எடுத்ததில்லை. அதனால் புத்தகத்தில் தெரியும் லாபத்துக்குள் உங்கள் கூலியும் ஒளிந்திருக்கிறது. உங்கள் மூவரின் வேலைக்கும் வெளியாட்களை வைத்தால் ஆண்டுக்கு மொத்தம் 10 லட்சம் ஆகும் என்று பேசி முடிவு செய்தோம். அதைக் கழித்தால் 23 லட்சம். நாளை நீங்கள் வராவிட்டால் உங்கள் வேலையை யாரோ ஒருவர் செய்தாக வேண்டும், அவருக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். அந்தச் சம்பளத்தையும் நற்பெயர் என்று சொல்லி உங்களுக்கே கொடுக்க மற்ற இருவரால் முடியாது.

மூன்றாம் படி, போட்ட பணத்துக்கான சாதாரண வருமானம். தொழிலில் முடங்கியிருக்கும் தொகை எவ்வளவு? மூவர் மூலதனம் 86, காப்பு 10, மறுமதிப்பீட்டில் கூடியது 14. ஆக 110 லட்சம். இதுபோன்ற தொழிலில் நியாயமான வருமானம் 10 சதவீதம் என்று பத்திரத்திலேயே இருக்கிறது. அது 11 லட்சம். 23இல் 11 போக மிஞ்சுவது 12 லட்சம்.

இந்த 12 லட்சம்தான் உயர் லாபம். மூன்று மடங்கு 36 லட்சம். அதில் உங்கள் 3/10 பங்கு 10.8 லட்சம்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் மதிப்பை ஏற்றியதால் முடங்கிய தொகை கூடியது. அது கூடியதால் சாதாரண வருமானம் கூடியது. அதனால் நற்பெயர் குறைந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போலத் தோன்றும். தொகையைப் பார்த்தால் விஷயம் புரியும். கட்டட ஏற்றத்தால் உங்களுக்கு நேராகக் கிடைப்பது 7.2 லட்சம். அதே ஏற்றத்தால் நற்பெயரில் குறைவது 24 லட்சத்தில் 10 சதவீதம், மூன்று மடங்கு, அதில் 3/10. அதாவது 2.16 லட்சம். இந்தக் குறைப்பு நியாயமானதுதான். சொந்தக் கட்டடம் இருப்பதால் நாம் வாடகை கொடுப்பதில்லை. அந்த மிச்சம் லாபத்தில் தெரிகிறது. கட்டடத்தின் முழு மதிப்பையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கட்டடத்தால் மிச்சமாகும் வாடகையையும் நற்பெயர் என்று கொடுத்தால், ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுத்ததாகும்.

கடைசியாக ஒரு கழிவு. நிறுவனத்தின் காரை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். அதன் மதிப்பு 3 லட்சம். பணமாக வாங்க வேண்டியதில் அதைப் பொருளாக வாங்கிக்கொண்டதாகக் கணக்கு.

ஆக உங்கள் கணக்கு இப்படி முடிகிறது:

| விவரம் | லட்சம் |
|---|---|
| மூலதனம், புத்தகப்படி | 30.0 |
| பொதுக் காப்பில் பங்கு | 3.0 |
| மறுமதிப்பீட்டில் பங்கு | 4.2 |
| நற்பெயரில் பங்கு | 10.8 |
| உங்களுக்குச் சேர வேண்டியது | 48.0 |
| கார் | (3.0) |
| பணமாகத் தர வேண்டியது | 45.0 |

இந்த 10.8 லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் நற்பெயர் என்று பணம் எதுவும் இல்லை. உங்கள் பங்கை யார் வாங்கிக்கொள்கிறார்களோ அவர்கள் மூலதனத்திலிருந்துதான் அது வர வேண்டும். மூத்தவர் பங்கு 5/10இலிருந்து 6/10 ஆகிறது, அவருக்குக் கூடுவது 1/10. இளையவர் பங்கு 2/10இலிருந்து 4/10 ஆகிறது, அவருக்குக் கூடுவது 2/10. ஆதாய விகிதம் 1:2. ஆகவே மூத்தவர் கணக்கில் 3.6 லட்சமும் இளையவர் கணக்கில் 7.2 லட்சமும் பற்று வைத்து, உங்கள் கணக்கில் 10.8 லட்சம் வரவு வைக்கிறேன்.

பணம் எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். வங்கியில் இருப்பது 8 லட்சம்தான். இப்போது 9 லட்சமும், மீதி 36 லட்சம் ஆண்டுக்கு 12 லட்சம் வீதம் மூன்று தவணையிலும் தருவதாக இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் 9 லட்சத்துக்காக இளையவர் வெளியிலிருந்து பணம் கொண்டுவருகிறார். நிலுவைக்கு 9 சதவீத வட்டி. முதல் ஆண்டு வட்டி 3.24 லட்சம், அடுத்து 2.16, அப்புறம் 1.08.

நேரில் வந்தால் பேரேட்டையும் மதிப்பீட்டாளர் அறிக்கையையும் வைத்துக்கொண்டு பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்காளர்

கடிதத்துக்குப் பிறகு

நேரில் வந்தார். கையில் அதே தாள். அதில் இப்போது சிவப்புப் பேனாவில் திருத்தங்கள்.

அவர் முதலில் கவனித்தது, நானும் கடிதத்தில் சொல்லாமல் விட்ட ஒரு ஒற்றுமை. அவர் சேர்க்க மறந்த காப்பு 3 லட்சம். அவர் கழிக்க மறந்த இறக்கம் 10 லட்சத்தில் அவர் பங்கும் 3 லட்சம். ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிட்டன. ஆக, 18.9 லட்ச வித்தியாசம் முழுவதும் நற்பெயரிலிருந்தே வருகிறது. "அப்படியென்றால் நாம் பேச வேண்டியது நற்பெயரை மட்டும்தான்" என்றார். சரிதான். பெரும்பாலான விலகல் கணக்குகளில் தகராறு அங்கேதான் முளைக்கிறது. சரக்கும் கட்டடமும் கண்ணுக்குத் தெரியும். நற்பெயருக்கு உருவம் இல்லை, முறை மட்டுமே உண்டு.

அவர் பிடித்தது இரண்டாம் படியை. "நான் இரண்டு வருடமாகப் பாதி நாள்தான் வருகிறேன். அந்த 10 லட்சத்தில் என் வேலைக்கு 3 லட்சம் என்று எப்படிக் கழிக்கிறீர்கள்? 2 லட்சம் போதாதா?"

நல்ல கேள்வி. இந்த மாதிரிக் கேள்வி வரும்போது முதலில் அதன் எடையைக் காட்டிவிடுவது நல்லது. ஆண்டுக்கு 1 லட்சம் குறைத்தால் உயர் லாபம் 13 ஆகும், நற்பெயர் 39 ஆகும், அவர் பங்கு 90 ஆயிரம் கூடும். அதே போல, சாதாரண வருமானத்தை 10க்குப் பதில் 12 சதவீதம் என்று வைத்திருந்தால் அவர் பங்கு 8.82 லட்சமாக இறங்கியிருக்கும். மூன்று மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கு என்றிருந்தால் 7.2 லட்சம். ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு பணத்தை நகர்த்துகிறது என்று தெரிந்தால், எதற்குச் சண்டை போடலாம், எதை விட்டுவிடலாம் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

ஆனால் அவர் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அவர் பாதி நாள் வந்தாலும் அவருடைய வேலை பாதி ஆகவில்லை. பெரிய வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் பிடிப்பதும் பாக்கி வசூலும் முன்பு போலவே நடந்தன. அவர் விட்ட பாதியை இளையவர் செய்தார். கழிக்கும் 10 லட்சம் மூவரின் மொத்த வேலைக்கான கூலி. அதை மூவருக்குள் யார் எவ்வளவு செய்தார் என்பது நற்பெயரைப் பாதிக்காது. அவருக்கு 2, இளையவருக்கு 4 என்று மாற்றி எழுதினாலும் மொத்தம் 10தான். சற்று யோசித்து, சிவப்புப் பேனாவால் அந்த வரியை அவரே அடித்தார்.

உண்மையான சிக்கல் இளையவரிடமிருந்து வந்தது. கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு, "பெரிய பங்குக்காரர் 3.6 கொடுக்கிறார், சின்னப் பங்குக்காரன் நான் அதுபோல் இரண்டு மடங்கு கொடுப்பதா?" என்று கேட்டார். இது விலகுபவரைத் தொடாத விஷயம் போலத் தோன்றும். அவருக்கு 10.8 எப்படியும் வரும். ஆனால் தவணையில் வாங்கப் போகிறவருக்கு, தரப் போகிறவர் மனம் ஒப்பித் தருகிறாரா என்பது முக்கியம். அதனால்தான் இந்தப் பகுதியைக் கடிதத்திலேயே சேர்த்திருந்தேன்.

இளையவர் சொன்னது, மிஞ்சியிருக்கும் பழைய பங்குகளின்படி 5:2 என்று சுமையைப் பிரிக்க வேண்டும் என்பது. அப்படிப் பிரித்தால் மூத்தவர் 7.71, இளையவர் 3.09 லட்சம். ஆனால் 5:2 என்பது எப்போது பொருந்தும்? போகிறவரின் பங்கையும் இருவரும் 5:2 என்றே எடுத்துக்கொண்டால் பொருந்தும். புதிய விகிதம் பற்றிப் பத்திரத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே இளையவர் 3:2 கேட்டு வாங்கியிருக்கிறார். பழைய விகிதத்தில் தொடர்ந்திருந்தால் அவர் பங்கு 2/7, அதாவது 28.57 சதவீதம். கேட்டு வாங்கியது 40 சதவீதம். கூடுதலாக எடுத்துக்கொண்டதற்குத்தான் கூடுதல் விலை.

இதைச் சொன்னால் மட்டும் போதவில்லை, போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு முறைக்கும் வித்தியாசம் 7.2க்கும் 3.09க்கும் உள்ள 4.11 லட்சம். 40க்கும் 28.57க்கும் உள்ள இடைவெளி 11.43 சதவீதம். உயர் லாபம் 12 லட்சத்தில் 11.43 சதவீதம் ஆண்டுக்கு 1.37 லட்சம். மூன்று ஆண்டுக்கு 4.11 லட்சம். அவர் கூடுதலாகக் கொடுப்பது, கூடுதலாக எடுத்துக்கொள்ளும் பங்குக்கு மூன்று ஆண்டு உயர் லாபம்தான், ஒரு காசு அதிகமில்லை. நற்பெயர் நான்காவது ஆண்டும் நிலைத்தால் அதன் பலன் அவருக்கு. நிலைக்காவிட்டால் நட்டமும் அவருக்கு. விகிதத்தைப் பழையபடி 5:2க்கே மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றார். 3:2 அப்படியே நின்றது.

இங்கே பலர் தவறும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நற்பெயர் 36 லட்சத்தைச் சொத்தாகப் புத்தகத்தில் ஏற்றி, மூவருக்கும் 5:3:2 என்று வரவு வைத்து, அதை அப்படியே விட்டுவிடுவார்கள். விலகுபவருக்குச் சரியாக 10.8 வந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் விலை கொடுத்து வாங்காத ஒரு சொத்து 36 லட்சத்துக்கு நிற்கும். தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்று சர்வதேசக் கணக்கியல் தரம் 38 சொல்கிறது. ஏற்றினாலும் உடனே புதிய விகிதத்தில் இறக்கிவிட வேண்டும். மூத்தவருக்கு 18 வரவு, 21.6 பற்று, மிச்சம் 3.6 பற்று. இளையவருக்கு 7.2 வரவு, 14.4 பற்று, மிச்சம் 7.2 பற்று. நேரடியாக ஆதாய விகிதத்தில் போட்டதும் இதுவும் ஒன்றே. உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இந்தச் சுற்றுவழியை ஒரு தனித்தாளில் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஆதாய விகிதத்தில்தான் பிழை இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லாம் முடிந்தபின் மூத்தவர் மூலதனம் 40இல் காப்பு 5, மறுமதிப்பீடு 7 சேர்ந்து, நற்பெயர் 3.6 கழிந்து 48.4. இளையவருடையது 16இல் 2, 2.8 சேர்ந்து, 7.2 கழிந்து 13.6. கூட்டினால் 62. நிகரச் சொத்து 110இல் கார் 3, விலகுபவருக்குத் தர வேண்டியது 45 போனால் அதுவும் 62. இந்தப் பொருத்தம் வந்தால்தான் கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன். இது கூட்டல் சரி என்று காட்டும், அவ்வளவுதான். விகிதம் தப்பாக இருந்தாலும் மொத்தம் 62 என்றே வரும். அதனால்தான் முந்தைய சோதனையும் வேண்டும்.

தவணையும் டைரியும்

தவணை வட்டியைப் பற்றி விலகுபவர் அதிகம் பேசவில்லை. பத்திரத்திலேயே 9 சதவீதம் இருந்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால் சட்டம் வைத்த அளவுக்குப் போக வேண்டியிருக்கும். கணக்கு முடிக்காமலே மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தால், விலகியவர் தன் சொத்துப் பங்கால் விளைந்த லாபத்தைக் கேட்கலாம், அல்லது வட்டி கேட்கலாம். அந்த வட்டியை 1890ஆம் ஆண்டின் ஆங்கிலக் கூட்டாண்மைச் சட்டம் 42ஆம் பிரிவில் 5 சதவீதம் என்றும், 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 37ஆம் பிரிவில் 6 சதவீதம் என்றும் வைத்திருக்கின்றன. எதைக் கேட்பது என்பது விலகியவர் விருப்பம். தொழில் நன்றாக ஓடினால் அவர் லாபத்தைக் கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை. தொடர்கிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. தொகையையும் தவணையையும் வட்டியையும் எழுதி முடித்துவிட்டால் அந்த வாசல் அடைபடும்.

கிளம்பும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். பெரிய வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள், யாருக்கு எத்தனை நாள் கடன், எந்தத் தள்ளுபடிக்கு மசிவார் என்ற குறிப்புகள், எல்லாம் அவர் கையெழுத்தில். "இது என்னுடையதுதானே? என் பையன் இதே தொழிலில் இறங்கலாம் என்று பார்க்கிறான்" என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு வந்த ட்ரெகோ எதிர் ஹன்ட் வழக்கில் நடந்தது ஏறக்குறைய இதுதான். நற்பெயர் மற்றவருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்க, கூட்டாளியான ஹன்ட், நிறுவனத்து எழுத்தரை வைத்து வாடிக்கையாளர் பெயர்களையும் முகவரிகளையும் நகல் எடுக்க வைத்தார். கூட்டு முடிந்தபின் அவர்களிடம் போவதற்குத்தான். அவர் போட்டித் தொழில் தொடங்கலாம், விளம்பரம் செய்யலாம், ஆனால் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் இழுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. நற்பெயரைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்பப் பறித்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம்.

எல்லா நாட்டிலும் சட்டம் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கின் தர்க்கம் மாறாது. 10.8 லட்சம் என்பது, அந்த வாடிக்கையாளர்கள் இன்னும் மூன்று வருடம் இங்கேயே வருவார்கள் என்று நம்பி மற்ற இருவரும் கொடுக்கும் விலை. வாங்கிக்கொண்டு டைரியை மகனிடம் கொடுத்தால், அடுத்த தவணைக்கே தகராறு வரும். அவர் மகன் தொழில் தொடங்குவதில் இருவருக்கும் எதிர்ப்பு இல்லை. கடைசியில், விலகுபவர் நேரடியாகவோ வேறு யார் மூலமோ இன்னின்ன வாடிக்கையாளர்களை மூன்று ஆண்டு அணுகுவதில்லை என்று பெயர்ப்பட்டியலோடு ஒரு ஷரத்து சேர்த்தோம். ஒரு தவணை 60 நாளுக்கு மேல் தவறினால் அந்த ஷரத்து அற்றுப்போகும், மீதித் தொகை முழுவதும் உடனே தர வேண்டும் என்று அவரும் ஒன்று சேர்க்கச் சொன்னார். நல்ல பேரம். அதை நானே யோசித்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

பத்திரம் எழுதும் நாளில் வங்கிக்கும் சரக்கு தருபவர்களுக்கும் விலகல் அறிவிப்பையும் அனுப்பிவிட்டோம். அறிவிக்காமல் விட்டால், அவர் இன்னும் கூட்டாளிதான் என்று நம்பிக் கடன் கொடுத்தவர்கள் அவர் வாசலிலும் வந்து நிற்கலாம். வங்கி மட்டும் அவருடைய பழைய உத்தரவாதத்தை விடுவிக்க மறுத்தது. இளையவர் தன் வீட்டுப் பத்திரத்தை வைத்த பிறகுதான் விடுவித்தார்கள். அது நடக்கும்வரை 9 லட்சத்துக்கான காசோலையை வாங்கியும் வங்கியில் போடாமல் வைத்திருந்தார் விலகுபவர். கேட்டதற்கு, "உத்தரவாதம் வெளியே இருக்கும்போது விலகியதாக எப்படிச் சொல்வது தம்பி?" என்றார்.